'உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார்கள், இல்லை: இடத்தரகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீடு, மனை வாங்குபவர்களுக்கு நாம் கைப்பேசியில் அள்ளித் தெளிக்கும் செய்திகளை ஒழுங்கான குறிப்புகளாக எழுதித் தருவதாக யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் தரகுத் தொழிலில் இருப்பவன். எழுத்து எனக்கு எப்போதும் தகராறுதான். நாலு வார்த்தை தட்டி அனுப்புவேன், பாதியில் வேறு அழைப்பு வரும், மீதியை இரவில் அனுப்புவேன். இப்படிச் சிதறிக் கிடந்ததைத் தலைப்பு போட்டு, தேதி போட்டு அடுக்கித் தருவதாக ஒருவர் சொன்னார். அவருடைய மாதிரிகள் கண்ணைப் பறித்தன. முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தேன். அது முதல் தவறு.

ஒரு வாடிக்கையாளர் என் மூலம் இரண்டு இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வீடும் ஒரு மூலை மனையும். ஒரு வாரத்துச் செய்திகளை அப்படியே எழுதுபவருக்கு அனுப்பினேன். அவற்றில் வீட்டைப் பற்றி நான் எழுதியிருந்தது இது:

"சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க்கலாம் சார். சாவி இன்னும் கைக்கு வரவில்லை, வெள்ளிக்குள் தருவதாக ஓனர் சொல்கிறார். பத்திரம் நகல் பார்த்தேன். அசல் அவரிடமே இருக்கிறதாம், கேட்டுச் சொல்கிறேன். வில்லங்கம் எதுவும் இல்லை என்கிறார்."

மறுநாள் காலையிலேயே குறிப்பு வந்துவிட்டது. அத்தனை வேகம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்:

"பார்வையிடல்: சனிக்கிழமை, காலை 10.00 மணி. சாவி: உரிமையாளர் வழங்குவார். விற்பனைப் பத்திரம்: அசல் உள்ளது. வில்லங்கம்: இல்லை."

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்! நானும் மயங்கினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் களவு தெரியும். 'இருக்கிறதாம்' என்பதில் உள்ள 'ஆம்' போய்விட்டது. அந்த ஒட்டுதான், நான் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன் என்று வாங்குபவரை எச்சரித்துக்கொண்டிருந்தது. 'ஓனர் சொல்கிறார்', 'என்கிறார்', 'கேட்டுச் சொல்கிறேன்' எல்லாவற்றையும் வழவழா என்று நினைத்து வெட்டிவிட்டார். உரிமையாளர் வாய் வார்த்தையாகச் சொன்னது, நான் விசாரித்து உறுதி செய்த தகவலாக மாறிவிட்டது. நகல் மட்டுமே பார்த்த நான், குறிப்பின்படி அசலுக்குச் சாட்சி ஆகிவிட்டேன். வில்லங்கம் வரியில் பிழை இன்னும் ஆழம். வில்லங்கச் சான்று என்பது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கேட்டு வாங்குகிறோமோ அந்தக் காலத்துப் பதிவுகளை மட்டுமே காட்டும். சான்று எடுத்தாயிற்றா, எந்தக் காலத்துக்கு என்று சொல்லாமல் வெறுமனே 'இல்லை' என்று எழுத எவருக்கும் துணிச்சல் வரக்கூடாது.

சனிக்கிழமை வாடிக்கையாளர் தம் வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். சாவி வரவில்லை. நாற்காலிகூட இல்லாத திண்ணையில் அந்த அம்மா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வியர்த்து வழிந்துகொண்டு உரிமையாளரை அழைத்தபடி நின்றேன். அதையாவது மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யலாம். ஆனால் வீடு பிடித்துப்போய், குறிப்பில் 'அசல் உள்ளது' என்று இருப்பதை நம்பி, அவர் உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அசல் பத்திரமோ ஒரு கடனுக்கு ஈடாக வங்கியில் இருந்தது. கடனை முடிக்காமல் அது வெளியே வராது. முன்பணத்தைத் திருப்பி வாங்க நான் எத்தனை நாள் நடந்தேன் என்பது தனிக்கதை.

அடுத்த கோளாறு எனக்கே சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. அதே உரையாடலில் அவர் "வரி ரசீது?" என்று கேட்டிருந்தார். "அதற்கு இருக்கிறது, இன்று பார்த்தேன்" என்று நான் பதில் சொல்லியிருந்தேன். எங்கள் இருவருக்கும் 'அது' என்றால் மூலை மனை, ஏனென்றால் அன்று மதியம் மனையைப் பற்றித்தான் போனில் பேசினோம். எழுதியவருக்கு அந்தப் போன் பேச்சு எப்படித் தெரியும்? ரசீதைக் கொண்டுபோய் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார். வீட்டுக்கோ வரி பாக்கி இருந்தது. தெரியாதது அவர் குற்றமல்ல. 'எந்த இடத்துக்கு?' என்று ஒரு வரி கேட்காததுதான் குற்றம். சிதறிய செய்திகளில் 'அது', 'அந்த ஆள்', 'நேற்றுச் சொன்னது' என்பவை நிறைந்திருக்கும். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் யாராவது குறிப்பு முடித்துத் தந்தால், அவர் ஊகித்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

எழுதியவரிடம் போய்க் கேட்டேன். "நீங்கள் எழுதியதைத்தான் சார் அழகாக்கினோம். 'ஆம்', 'போல' என்றெல்லாம் இருந்தால் வாங்குபவர் ஓடிவிடுவார்" என்றார். பிறகு ரசீதின் அடியில் இருந்த வரியைக் காட்டினார், இறுதிச் சரிபார்ப்பு வாடிக்கையாளருடையதாம், அதாவது என்னுடையதாம். அந்த இடத்தில் மட்டும் 'ஆம்' எனக்குப் பொருந்தியது. பணத்தில் ஒரு பைசாகூடத் திரும்பவில்லை. சரிபார்க்காமல் அனுப்பியது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐயத்தை அழித்துவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைப்பது எழுத்து வேலை ஆகாது.

இப்போது குறிப்பை நானே எழுதுகிறேன். மேலே இடத்தின் அடையாளம். ஓர் இடத்துக்கு ஒரு குறிப்பு, இரண்டைக் கலப்பதில்லை. ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே நான்கில் ஒன்றைப் போடுகிறேன்: 'அசல் பார்த்தேன்', 'நகல் பார்த்தேன்', 'உரிமையாளர் சொன்னார்', 'இன்னும் கேட்கவில்லை'. பக்கத்தில் தேதி. அதே வீட்டை இப்படி எழுதியிருந்தால் இவ்வாறு இருந்திருக்கும்:

"பார்வையிடல்: சனி காலை 10 மணி, சாவி வந்தால் மட்டும். வெள்ளி மாலை 6 மணிக்குள் உறுதி செய்கிறேன். என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் புறப்பட வேண்டாம். விற்பனைப் பத்திரம்: நகல் பார்த்தேன். அசல்: தம்மிடம் இருப்பதாக உரிமையாளர் சொன்னார், நான் பார்க்கவில்லை. வில்லங்கச் சான்று: இன்னும் எடுக்கவில்லை; வில்லங்கம் இல்லை என்பது உரிமையாளர் வாய்மொழி."

அழகு குறைவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் முன்பணம் கொடுத்திருக்க மாட்டார்.

வெளியாள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரே ஓர் உரையாடலைக் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒரு 'ஆம்', ஓர் 'அது', பிறகு மாற்றிச் சொன்ன ஒரு நேரம் இருக்கட்டும். 'ஆம்' பிழைத்திருக்கிறதா, 'அது' எது என்று கேட்டாரா, பழைய நேரத்தை விட்டுப் புதியதை எடுத்தாரா என்று பாருங்கள். வாங்குபவரின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். நான் அதையும் செய்யவில்லை, இன்னும் உறுத்துகிறது.

அந்த வாடிக்கையாளர் இப்போதும் என்னிடம்தான் இடம் பார்க்கிறார். ஆனால் குறிப்பு அனுப்பினால், "நீங்கள் முதலில் தட்டிய செய்தியையும் கூடவே அனுப்புங்கள்" என்கிறார். அனுப்புகிறேன்.