கண்ணாடியில் மழைத்துளி: ஒட்டுவதா, உருவாக்குவதா, படமெடுப்பதா?

போன ஐப்பசியில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை செய்துகொடுத்தேன். கேட்டது எளிமையான படம்தான். மழை நனைத்த ஜன்னல் கண்ணாடி, அதற்கு அப்பால் மங்கலாக இரவு நேர அண்ணா சாலை. அட்டை கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில் பதிப்பாளர் போன் செய்தார். "தலைப்புக் கதை மத்தியானம் நடக்குதுங்க. ராத்திரி வேண்டாம், மேகமூட்டமான பகலா மாத்திடலாமா?"

பின்னணிப் படத்தை மாற்றினேன். பாதித் துளிகள் காணாமல் போயின. மீதி இருந்தவை கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி தெரிந்தன. மழைத்துளி போட எத்தனையோ வழி இருந்தும், எதை எப்போது எடுப்பது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

வழிகள் மூன்று. கறுப்புப் பின்னணியில் எடுத்த துளிப் படத்தை மேலே வைத்து ஃபோட்டோஷாப்பின் ஸ்கிரீன் மோடில் கலப்பது. நிஜக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து நாமே படமெடுப்பது. துளியை வரைந்து, அதற்குள் தலைகீழான நகரத்தை வைப்பது. நான் இப்போது மூன்றாவது வழியில்தான் வேலை செய்கிறேன்.

முதல் வழி எல்லாருக்கும் தெரியும். இரண்டு நிமிட வேலை. சமூக ஊடகப் பதிவு, யூடியூப் முகப்புப் படம் போன்றவற்றுக்கு இதற்கு மேல் மெனக்கெடத் தேவையில்லை. ஆனால் என் அட்டையில் துளிகள் ஏன் மறைந்தன என்பதற்கு விடை ஸ்கிரீன் மோடின் கணக்கிலேயே இருக்கிறது:

```
விடை = 255 - (255 - கீழ்) × (255 - மேல்) ÷ 255
```

கீழ் என்பது பின்னணியின் ஒளிர்வு, மேல் என்பது துளிப் படத்தின் ஒளிர்வு; 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. துளியின் ஒளிர்வு 120 என்று வைத்துக்கொள்வோம். கீழே இரவு வானத்தின் 40 இருந்தால் விடை 141. அதாவது 101 படி கூடுகிறது, துளி பளிச்சென்று நிற்கும். கீழே பகல் வானத்தின் 200 இருந்தால் விடை 226. வெறும் 26 படிதான் வித்தியாசம், அதைக் கண் கவனிக்காது. அதோடு ஸ்கிரீன் எதையும் இருட்டாக்காது. துளியின் கறுத்த விளிம்பு என்ற ஒன்றை அதனால் காட்டவே முடியாது. பகலில் துளியைத் துளியாகக் காட்டுவது அந்த விளிம்புதான்.

இரண்டாவது வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டே தடவைதான் செய்திருக்கிறேன். வெறும் தண்ணீர் சுத்தமான கண்ணாடியில் தட்டையாகப் பரவி வழிந்துவிடும். கார் மெழுகைக் கொஞ்சம் தேய்த்துத் துடைத்தால் துளி உருண்டு நிற்கும். தண்ணீரோடு கிளிசரினைச் சரிபாதியாகக் கலந்து தெளித்தால் சீக்கிரம் காயாது, நிதானமாகப் படமெடுக்கலாம். அழகு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். பின்னால் நிஜ நகரமே தெரிகிற மாடி ஜன்னல் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். ஆனால் எடுத்த படத்தில் பின்னணி துளிக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. பதிப்பாளர் மனசு மாறினால் திரும்பவும் கண்ணாடி, தெளிப்பான், மெழுகு எல்லாம் வெளியே வரவேண்டும்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்கு முடிவுசெய்து கொடுத்தது ஒரே கேள்விதான்: நாளைக்குப் பின்னணி மாறினால் என்ன ஆகும்? அட்டை வேலையில் பின்னணி மாறாமல் முடிந்த நாள் எனக்கு நினைவில்லை. மூன்றாவது வழியை விரிவாகச் சொல்லப்போவதும் அதனால்தான்.

முதலில் துளிக்குள் என்ன தெரிகிறது என்று பார்க்கவேண்டும். மழை பெய்யும்போது ஜன்னல் பக்கத்தில் போய் ஒரே ஒரு துளியை உற்றுப் பாருங்கள். அது ஒரு குட்டி குவிலென்ஸ். எதிர்வீடு, தென்னை மரம், வானம் எல்லாம் அதற்குள் தலைகீழாக நிற்கும். வானம் துளியின் அடியில் இருக்கும், தரை உச்சியில் இருக்கும். பகலில் துளியின் அடிப்பகுதி வெளிச்சமாகவும் மேல்பகுதி இருட்டாகவும் தெரிவது இதனால்தான். இரவில் அப்படியே மாறிவிடும். தெருவிளக்கும் கார் விளக்கும் காட்சியின் கீழ்ப்பாதியில் இருப்பதால், துளியின் மேல்பாதியில்தான் அவை மின்னும், அடி இருண்டு கிடக்கும். பகலில் எடுத்த துளிப் படத்தை இரவு நகரத்தின்மேல் ஒட்டினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்துவது இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. நகரம் மங்கலாக இருந்தாலும் துளிக்குள் இருக்கும் நகரம் தெளிவாகவே இருக்கும். துளி உண்டாக்கும் பிம்பம் கண்ணாடியை ஒட்டியே விழுகிறது, கேமராவும் கண்ணாடியில்தான் ஃபோகஸ் ஆகியிருக்கிறது. ஆகவே துளிக்குள் வைக்கவேண்டியது மங்கலாக்காத மூலப் படம்.

இதை ஃபோட்டோஷாப்பில் நான் செய்வது இப்படி. நகரப் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுவேன். Ctrl+J அடித்து அதற்குப் பிரதிகள் எடுப்பேன். அடியில் இருக்கும் பிரதிக்கு Blur Gallery-யில் இருக்கிற Field Blur போட்டு, Light Bokeh-ஐக் கொஞ்சம் ஏற்றுவேன். காஸியன் பிளர் போட்டால் விளக்குகள் கரைந்து புகையாகிவிடும். கேமராவில் கிடைக்கிற அந்த வட்ட வட்ட ஒளித்தட்டுகள் வராது.

அடுத்து துளி. வடிவத்தைத் தனி லேயரில் வரைவேன், சரியான வட்டமாக இல்லாமல் அடி கொஞ்சம் பருத்ததாக. அதன் மேலே இன்னொரு பிரதியை 180 பாகை திருப்பி வைத்து, Spherize போட்டு, துளிக்குள் மட்டும் தெரியும்படி கிளிப்பிங் மாஸ்க் செய்வேன். இங்கே ஒரு தவறு சுலபமாக நடக்கும், நானும் முதலில் செய்தேன். திருப்பிய படத்தை முழு அளவிலேயே விட்டுவிட்டால், துளிக்குள் படத்தின் ஒரு மூலை மட்டும்தான் விழும். துளிகள் எல்லாம் வண்ணக் கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். உண்மையான துளிக்குள் முழுக் காட்சியும் அடங்கும். என் அட்டை 5.5 × 8.5 அங்குலம், 300 டிபிஐ, அதாவது 1650 × 2550 பிக்ஸல். பெரிய துளியின் அகலம் 60 பிக்ஸல். ஆகவே நகரப் படத்தை 70 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கி உள்ளே வைத்தேன்.

பிறகு விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்பு, ஒரு பக்கம் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு. அவ்வளவு போதும். பல பாடங்களில் Bevel & Emboss-உம் Drop Shadow-உம் போடச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பேன். Bevel துளியைப் பிளாஸ்டிக் பொத்தானாக்கிவிடும். நிழல் விழ ஒரு பரப்பு வேண்டும். இலைமேல் துளி என்றால் இலை இருக்கிறது. ஜன்னலில் துளிக்குப் பின்னால் இருப்பது கண்ணாடி, அதற்குப் பின்னால் வெறும் காற்று. நிழலைப் போட்ட உடனே கண்ணாடி சுவராகிவிடுகிறது.

இப்படிப் பெரிய துளி 14 செய்தேன். சின்னத் துளிகளுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம். பிரஷ்ஷால் புள்ளி வைத்து, மேலிருந்து கீழே வெளிச்சம் மாறுகிற கிரேடியன்ட் கொடுத்தால் கண் ஏற்றுக்கொள்ளும். பகலை இரவாக்கும்போது இந்த கிரேடியன்ட்டை மட்டும் கையால் திருப்பவேண்டும், அது தானாக மாறாது.

வழிந்த கோடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். துளி நேர்கோட்டில் இறங்காது. கொஞ்சம் வரும், நிற்கும், பக்கத்துத் துளியைத் தொட்டு விழுங்கும், கனம் கூடியதும் சட்டென்று ஓடும், திரும்பவும் தயங்கும். தலை பருத்திருக்கும், வால் மெலிந்து குட்டிக் குட்டிப் புள்ளிகளாக அறுந்து கிடக்கும். அது போன பாதையில் பழைய துளிகள் இருக்காது, தலை அவற்றை வழித்துக்கொண்டு போயிருக்கும். கோடு ஒன்று துளிகளின்மேல் ஏறிப் போய், அந்தத் துளிகள் அப்படியே இருந்தால் அது ஒட்டுவேலை என்று உடனே தெரிந்துவிடும்.

நான் கோட்டை வரைவதில்லை, துடைக்கிறேன். நகரத்தின் இன்னொரு பிரதியை அதிகமாக மங்கலாக்கி, லேசாக வெளுப்பாக்கி, ஆவி படிந்த கண்ணாடியாக மங்கல் நகரத்துக்கு மேலே, துளிகளுக்குக் கீழே வைப்பேன். அதன் மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் கோடு இழுத்தால், இழுத்த இடத்தில் மட்டும் கீழே இருக்கும் நகரம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். ஆவி படிந்த ஜன்னலில் விரலால் இழுத்த மாதிரியே இருக்கும். கோட்டின் அடியில் முன்பு சொன்ன மாதிரி ஒரு பெரிய துளியை வைத்தால் முடிந்தது.

இதில் செலவு நேரம்தான். ஒட்டுகிற வேலை இரண்டு நிமிடம் என்றால் இது எனக்கு முதல் தடவை ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்டது. அசையும் படத்துக்கு இந்த வழி ஒத்துவருமா என்று கேட்டால் எனக்கு அனுபவம் குறைவு. ஒரு சின்ன வீடியோவுக்கு முயன்றுபார்த்து, ஓடுகிற துளிக்குள் ஒவ்வொரு பிரேமிலும் படத்தை நகர்த்த முடியாமல் விட்டுவிட்டேன். அங்கே கறுப்புப் பின்னணி வீடியோவை ஸ்கிரீனில் போடுவதே நடைமுறைக்கு ஏற்றதாகப் பட்டது, இரவுக் காட்சியாக இருக்கும்வரை.

அட்டை என்றால் மட்டும் தயங்கமாட்டேன். Ctrl+J-யில் எடுத்த பிரதிகள் எல்லாமே ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏதாவது ஒன்றில் Edit Contents கொடுத்து, புதுப் படத்தை உள்ளே வைத்துச் சேமித்தால், அடியில் இருக்கும் மங்கல் நகரமும், ஆவிப் படலமும், 14 துளிகளும் ஒரே நேரத்தில் மாறிவிடும். New Smart Object via Copy என்று எடுத்திருந்தால் அது தனித்தனி மூலமாகிவிடும், ஒவ்வொன்றையும் திறந்து மாற்றவேண்டி வரும். ஆகவே பிரதி எடுக்கும்போதே கவனமாக இருக்கவேண்டும்.

பகல் அண்ணா சாலையோடு அனுப்பிய பிறகு பதிப்பாளர் இன்னொரு முறை கூப்பிட்டார். கதை சென்ட்ரல் பக்கம் நடக்கிறதாம், ரிப்பன் மாளிகை தெரிந்தால் நன்றாக இருக்குமாம். மூலப் படத்தை மாற்றிச் சேமித்தேன், கிரேடியன்ட் ஏற்கெனவே பகலுக்குத் திருப்பியிருந்ததால் அதைத் தொடவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்தது. தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற துளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கட்டடமும் மணிக்கூண்டும் அதற்குள் தலைகீழாகத் தொங்கின, அடியில் சாம்பல் வானம்.