கல்யாண வீட்டுல சுகர்காரங்களுக்கு எது மேல்: ரிசப்ஷன் டின்னரா, முகூர்த்தச் சாப்பாடா?

ரெண்டுல ஒரு வேளைதான் மண்டபத்துல சாப்பிடணும்னா நான் யோசிக்காம மறுநாள் மதிய இலையத்தான் சொல்வேன். ஸ்வீட்டுக்காக இல்லங்க, மாத்திரை டைமிங்குக்காக.

எங்க மாமாவ எடுத்துக்கங்க, 62 வயசு, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இதுல மெட்ஃபார்மின் தனியா இருந்தா சுகர் ரொம்ப கீழ போறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு அப்படி இல்ல, சாப்பாடு வந்துச்சா வரலையான்னு பாக்காம கணையத்துல இருந்து இன்சுலின வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். வீட்டுல 7.30க்கு மாத்திரை, உடனே சாப்பாடு, பிரச்சனை இல்ல. ரிசப்ஷனுக்கு அதே 7.30க்கு போட்டுட்டு கிளம்பினா டிராஃபிக், மொய் கவர் குடுக்க ஸ்டேஜ் க்யூ, அப்புறம் பந்தி ஃபுல்லு, சாப்பிட உக்காரும்போது 9.30 தாண்டிடும். நடுவுல ஏசி ஹால்லயே சட்டை நனையற மாதிரி வேர்வை, கை நடுக்கம், காரணமில்லாம எரிஞ்சு விழறது, இதெல்லாம் வந்தா அது பசி மட்டும் இல்ல, லோ சுகர். பிரஷருக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் சரியா தெரியாது, வேர்வை மட்டும்தான் காட்டிக்குடுக்கும்.

அந்த நேரத்துல மைசூர்பாக்க வாய்ல திணிக்காதீங்க, நெய் இருக்கறதால சுகர் லேட்டாதான் ஏறும். 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது தலைதட்டி 3 டீஸ்பூன் மாதிரி, தண்ணில கலந்து குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். வோக்ளிபோஸ் போடறவங்களுக்கு சாதா சர்க்கரையும் சட்டுனு வேலை செய்யாது, ஏன்னா அந்த மாத்திரை சர்க்கரைய குடல்ல உடைய விடாம தடுக்கறதுதான், அவங்களுக்கு குளுக்கோஸ்தான் வேணும்.

அதனால ரிசப்ஷன் தவிர்க்க முடியலன்னா மாத்திரை பாக்கெட்ல இருக்கட்டும், இலை முன்னாடி உக்காந்தப்புறம் போடலாம். "இன்னைக்கு விருந்து, ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுக்கறேன்"ங்கறது மட்டும் வேண்டாம், நடுராத்திரில தூக்கத்துலயே சுகர் இறங்கிடும்.

முகூர்த்த நாள் இதவிட நல்லது, மாமாவுக்கு மதியத்துக்கு தனி மாத்திரை கிடையாது, காலை மாத்திரை டிபனோட போயிடும். ஆனா அங்க மாட்டறது டிபன்தான். 7.30க்கு பொங்கல், வடை, கேசரின்னு ஒரு கட்டு கட்டிட்டு 11.30 பந்தில உக்காந்தா காலைல ஏறினது இறங்கறதுக்குள்ள அடுத்தது ஏறும். டிபன ஸ்கிப் பண்ணவும் கூடாது, மாத்திரை போட்டிருக்கீங்களே. ரெண்டு இட்லி, சாம்பார், கேசரிக்கு கும்பிடு, அவ்வளவுதான்.

இலைல நெஜமான வில்லன் ஸ்வீட்னு எல்லாரும் நெனைக்கறாங்க, எனக்கென்னவோ சோறுதான். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர்னு நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு 100 கிராம் சோறுன்னா கூட ஒவ்வொண்ணுலயும் 28 கிராம் கிட்ட மாவுச்சத்து, மொத்தம் 110 தாண்டிடும். மாமாவுக்கு நாங்க சொன்ன கணக்கு: முதல்ல கூட்டும் பொரியலும் காலி பண்றது, அப்புறம் சாம்பாருக்கு ஒரு கரண்டி சோறு, மோருக்கு அரைக் கரண்டி, ரசத்த சும்மா கைல வாங்கி குடிக்கறது. விட்டுட்ட சோத்துக்கு பதிலாதான் ஸ்வீட்டு, அதுக்கு மேல கூடுதலா இல்ல.

இப்ப ஜாங்கிரியா பாயசமா? ரெண்டும் சர்க்கரைதான், ஆனா ஜாங்கிரிய பாதியா பிச்சு பக்கத்து இலைக்கு தள்ளலாம், எவ்வளவு சாப்பிட்டோம்னு கண்ணுக்கு தெரியும். பாயசத்துல அந்த வசதி இல்ல, பரிமாறறவர் "இன்னும் கொஞ்சம் சார்"னு ஊத்திட்டு போயிடுவார், அதுல அப்பளத்த வேற நொறுக்கிப் போட்டா கணக்கே போச்சு, நீர்த்ததா இருக்கறதால ரத்தத்துலயும் வேகமா ஏறும். வெல்லப் பாயசம்தானே, பரவால்லன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, வெல்லமும் கிட்டத்தட்ட சர்க்கரை மாதிரியேதான் ஏத்தும். பாயசம் தான் வேணும்னா இலை ஓரத்துல முதல்ல வைக்கற அந்த ஒரு ஸ்பூனோட நிறுத்திக்கணும். என் ஓட்டு பாதி ஜாங்கிரிக்கு.

இன்சுலின் போடறவங்க கதை வேற. பழைய வகை 30/70 சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி குத்தறது, மண்டபத்துல அந்த அரைமணிய யாரும் கேரண்டி பண்ண முடியாது, குத்திட்டு நாற்காலிக்கு பின்னாடி இடம் புடிக்க நிக்கறதுதான் ஆபத்து. வேகமா வேலை செய்யற வகைய இலைல சாப்பாடு விழுந்தப்புறம் போடலாம். எந்த வகை, அன்னைக்கு எவ்வளவு யூனிட்டுங்கறத பத்திரிகை வந்த வாரமே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

மாமா முதல் வாய் வச்சதுல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் டெஸ்ட் பண்ணுவார், 180க்குள்ள இருந்தா சரி. நெய் ஸ்வீட் நிறைய போயிருந்தா ரெண்டு மணிக்கணக்கு நல்லா இருந்தும் அதுக்கப்புறம் ஏறும், அன்னைக்கு சாயங்காலம் இன்னொரு தடவை பாக்கறது உத்தமம்.