ஹப், சுவிட்ச், ரவுட்டர்: ஆறு கணினி அலுவலகத்தில் கண்டவை

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர். இவற்றை ஒன்றோடொன்று இணைக்க, 2005-இல் யாரோ கழித்துக்கட்டிய எட்டு போர்ட் ஹப்பை வாங்கி மாட்டினோம். வேகம் 10 எம்பிபிஎஸ், அதுவும் ஆறு பேருக்கும் சேர்த்து. எது யாருக்கு என்று ஹப்புக்குத் தெரியாது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவு மோதும், இருவரும் மறுபடி அனுப்ப வேண்டும். மோதலைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு ஒன்று முகப்பில் இருந்தது. மாதக் கடைசியில் அது அணைந்து நான் பார்த்ததில்லை. ஆளில்லாத நேரத்தில் ஒன்றரை நிமிடத்தில் நகலாகும் 100 எம்பி கோப்பு, எல்லோரும் வேலை செய்யும்போது தேநீர் குடித்து வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

2009-இல் அந்த இடத்தில் 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் வந்தது. கேபிள்களைப் பிடுங்கி இதில் செருகியதோடு வேலை முடிந்தது. எந்தப் போர்ட்டில் எந்தக் கணினி என்பதை அதன் வன்பொருளில் பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்துத் தானே கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்புகிறது. இத்தனை ஆண்டுகளில் அடாப்டரை இருமுறை மாற்றியிருக்கிறேன். சொல்ல வேறு கதை இல்லை.

கதையெல்லாம் அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரில்தான். 2018-இல் பின்னறைக்கு வைஃபை வேண்டுமென்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, சுவிட்சிலிருந்து வந்த கேபிளை, உள்ளே இருக்கும் கணினிகளுக்கான அதன் லேன் போர்ட்டில் செருகினேன். அன்று எல்லாம் நன்றாகவே ஓடியது. மறுநாள் காலை மூன்று கணினிகளில் இணையமும் இல்லை, பிரிண்டரும் இல்லை. மற்றவற்றில் இரண்டும் உண்டு. இணைய நிறுவனத்தாரைத் திட்டியே பாதி நாள் போயிற்று. பிறகுதான் பழுதான கணினி ஒன்றில், அதன் ஐபி முகவரியைக் காட்டும் `ipconfig` கட்டளையை அடித்துப் பார்த்தேன்.

```
IPv4 Address: 192.168.0.103
Default Gateway: 192.168.0.1
```

நன்றாக ஓடியவற்றில் `192.168.1` என்று தொடங்கியது. முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதி இரண்டு ரவுட்டரிலும் இயங்கிக்கொண்டிருந்தது. காலையில் கணினியைப் போடும்போது எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரிதான் கிடைக்கும். புதியதிடம் வாங்கியவை இணையத்துக்கு அதையே நம்பின. இணைய இணைப்பு வந்து சேர வேண்டிய அதன் வேன் போர்ட்டோ காலி. பிரிண்டரும் `192.168.1.50` என்ற நிலையான முகவரியில், வேறு வலையமைப்பில் இருந்தது. எல்லாம் ஒரே சுவிட்சில்தான் இருந்தன. ஆனால் சுவிட்ச் ஐபி முகவரியைப் பார்ப்பதே இல்லை.

கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு மடிக்கணினியை மட்டும் இணைத்து, புதிய ரவுட்டரின் முகவரியை `192.168.1.2` என்று மாற்றினேன். பழையது 100-க்கு மேல்தான் முகவரி வழங்குகிறது என்பதால் 2 யாருக்கும் போகாது. பிறகு டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை மறுபடி லேன் போர்ட்டிலேயே செருகினேன். பழுதான மூன்றிலும் `ipconfig /renew` கொடுத்ததும் பிரிண்டரில் காலையிலிருந்து காத்திருந்த படிவங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினால் டிஎச்சிபி மறுபடி உயிர்பெற்றுவிடும் என்பதால், அதன்மேல் இன்றும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது.