கடன் கணக்கா, தார் கணக்கா? பெற்றோர் கடமை பற்றி இரண்டு கோட்பாடுகள்

மொரீஷியஸில் ஒரு பின்னலாடை ஆலையில் ஏழு வருடமாகத் தர மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன வருடம் மடகாஸ்கரில் உள்ள எங்கள் ஆலைக்கு, அன்ட்சிரபே ஊருக்கு, உற்பத்தி மேலாளராகப் போகச் சொன்னார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. பல்லடம் பக்கத்து ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது எட்டு மாதம். போகவா வேண்டாமா என்று உழன்ற நாட்களில் கையில் கிடைத்தவைதான் இந்த இரண்டு கோட்பாடுகள். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலாவது கடன் கோட்பாடு. பெற்றவர்கள் செலவழித்து வளர்த்தார்கள், பிள்ளை திருப்பித் தர வேண்டும். விளக்கமே தேவையில்லை, நம் வீட்டுப் பேச்சே இதுதான். இதை என் மீது வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிப்ளமோவுக்கும் ஏஜெண்டுக்கும் விமானத்துக்கும் சேர்த்து அப்பா போட்டது 2,40,000 ரூபாய். அதற்கு ஊர் வழக்கப்படி ரெண்டு வட்டி போட்டாலும், மாதம் 25,000 அனுப்பிய நான் ஒன்றேகால் வருடத்துக்குள் அடைத்துவிட்டேன். இதுவரை அனுப்பியது 21 லட்சம். ஆக, இந்தக் கோட்பாட்டின்படி அப்பாதான் எனக்குப் பாக்கி. தாராளமாக மடகாஸ்கர் போகலாம்.

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் உறுத்தியது. சோறு போட்டதையும் ராத்திரி கண்விழித்ததையும் சேர்க்கவில்லையே என்பீர்கள். அதற்கு என்ன விலை வைப்பது? இன்னொரு கோளாறு அக்கா. பத்தாவதோடு அவளை நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அவளுக்குப் பெரிய செலவே ஆகவில்லை. கடன் கணக்கில் அவள் தர வேண்டியது மிகக் குறைவு. ஆனால் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து அப்பாவைக் குளிப்பாட்டுவது அவள்தான். ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை 1979-ல் வந்த கட்டுரையில் இதன் அடிமடியிலேயே கை வைத்தார். கேட்டு வாங்கியதுதான் கடன், அன்பால் தானாகச் செய்ததைக் கடன் என்று எழுத முடியாது என்றார். நான் என்னைப் பெறச் சொல்லிக் கேட்கவில்லை, அப்பாவும் வட்டிக்கு விடவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழில் ‘கடன்’ என்றால் வாங்கிய பணமும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். காலைக்கடனை நேற்றே முடித்துவிட்டேன், இனி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பெற்ற கடனில் நாம் பேசுவது இந்த இரண்டாவது கடன் என்றால், கோட்பாடு பாதி பிழைக்கும். ஆனால் அப்போது அது கணக்கு இல்லை.

இரண்டாவது, சைமன் கெல்லர் என்ற தத்துவப் பேராசிரியர் 2006-ல் எழுதியது. அவர் உதவிகளை இரண்டாகப் பிரிக்கிறார். யார் செய்தாலும் நடந்துவிடும் உதவிகள் ஒரு வகை: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மாத்திரை வாங்குவது, சமைப்பது. பிள்ளையிடமிருந்து மட்டுமே வரக்கூடியவை இன்னொரு வகை. பிள்ளையின் தனிக் கடமை இந்த இரண்டாவது வகையிலிருந்துதான் பிறக்கிறது. தன் வாழ்க்கையை அழித்துக்கொள்ளாமல் தர முடிந்தால் தர வேண்டும். அப்பா முன்பு எவ்வளவு போட்டார் என்ற கேள்வியே இங்கே இல்லை.

படித்தபோது கொஞ்சம் மிதப்பான பேச்சாகத் தெரிந்தது. பிள்ளையால் மட்டும் ஆகிற காரியம் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பதில் வீடியோ அழைப்பில் கிடைத்தது.

அப்பாவுக்கு வந்தது மூளையின் இடப்பக்கம். வலது கை கால் தளர்ந்ததோடு பேச்சும் குழறிவிட்டது. புத்தி தெளிவாக இருக்கும், சொல்ல நினைக்கும் சொல் மட்டும் வராது, பக்கத்துச் சொல் ஒன்று வந்து விழும். ஒரு நாள் ‘தார் தீந்துருச்சு, தார் தீந்துருச்சு’ என்று மறுபடி மறுபடி சொல்லிக் கோபத்தில் கையை ஆட்டினார். பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் ரோட்டுத் தார் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அம்மாவுக்கும் பிடிபடவில்லை. எனக்கு உடனே பட்டது. அப்பா முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சுற்றி வைக்கும் குச்சிக்குத் தார் என்று பெயர். பள்ளி விட்டு வந்தால் அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அதைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவில் தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். ‘ரத்த அழுத்த மாத்திரை தீந்துருச்சாப்பா?’ என்றேன். தலையாட்டினார். அட்டையைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு நாளாக மாத்திரையே இல்லை.

மாத்திரையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘தார்’ என்றால் மாத்திரை என்று தெரிய அந்தத் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘இதை வேறு யாராவது செய்ய முடியுமா?’ என்ற ஒரே கேள்வியை வைத்து என் வேலைகளை ஒவ்வொன்றாகச் சலித்தேன். முடியும் என்றவை எல்லாம் பணத்தால் தீர்ந்தன. மிஞ்சியது தினமும் அரை மணி நேரப் பேச்சு.

அந்த அரை மணி நேரம்தான் மடகாஸ்கரை முடிவு செய்தது. மொரீஷியஸ் நேரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஐந்துக்கு ஷிப்ட் முடிந்து அழைத்தால் ஊரில் ஆறரை, அப்பா திண்ணையில் இருப்பார். மடகாஸ்கர் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ஐந்து என்றால் ஊரில் ஏழரை, மாத்திரை போட்டுப் படுத்திருப்பார். அதுவும் உற்பத்தி மேலாளர் ஐந்துக்குக் கிளம்ப முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கோட்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. என்னோடு வேலை செய்யும் மொரீஷியஸ் தமிழர் ஒருவரின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இங்கே பணக்காரர், ஏழை பாராமல் முதியோர் எல்லோருக்கும் அரசு ஓய்வூதியம் உண்டு (வயது வரம்பை 60-லிருந்து 65-க்கு மெல்ல உயர்த்தப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள்). அவர் ஞாயிற்றுக்கிழமை ரோஸ் ஹில் போய் அம்மாவோடு சாப்பிட்டு வந்தால் போதும். கெல்லர் சொன்னது அவருக்கு அச்சாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்குத்தான். சம்பாதிக்கும் மகன் இருக்கிற வீட்டுக்கு வராது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற வேலையைச் செய்ய அங்கே வேறு யாரும் இல்லை. ஆகவே பணத்தை நிறுத்த இந்தக் கோட்பாட்டைச் சாக்காக எடுக்கக் கூடாது. 2007-ல் வந்த இந்திய முதியோர் பராமரிப்புச் சட்டமும் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களைச் சேர்த்தே பிடிக்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று அது கேட்பதெல்லாம் பணத்தில் அடங்குபவை. ஆனால் அப்பா எவ்வளவு செலவழித்தார் என்று அதுவும் கேட்பதில்லை.

பிள்ளை உயர்வதைப் பார்க்கிற சந்தோஷமும் பிள்ளையால் மட்டும் ஆவதுதானே, அப்படியானால் மடகாஸ்கர் போவதே கடமை ஆகாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. அம்மாவும் ‘போ சாமி, நாங்க பாத்துக்கறோம்’ என்றுதான் சொன்னார். எந்த அம்மா வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்? அதனால் அந்தச் சொல்லை எடையில் வைக்கவில்லை. அப்பா நன்றாக இருந்திருந்தால் வைத்திருப்பேன். அடித்து விரட்டிய பெற்றோருக்கு இந்தக் கோட்பாடு என்ன சொல்லும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. என் அப்பா கை ஓங்கியதே கிடையாது.

அக்கா விஷயத்தில் மட்டும் கெல்லரோடு சமாதானம் ஆகவில்லை. தூக்கிக் குளிப்பாட்டுவது ‘யாரும் செய்யலாம்’ பட்டியலில் விழுகிறது, நான் பேசுவது உயர்ந்த பட்டியலில் உட்கார்ந்துகொள்கிறது. இடுப்பு வலி அவளுக்கு. இந்த மாதத்திலிருந்து மேலே 12,000 சேர்த்து அனுப்புகிறேன், காலையில் தூக்க ஓர் ஆள் வருகிறார். அக்கா இப்போது ஞாயிறு மட்டும் வருகிறாள்.