தகரக் கொட்டகையில் 40 பெட்டி: இணையமில்லாச் செயலிக்கு மூன்று வழிகள்

தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. உள்ளே நுழைந்ததும் கைபேசியில் சிக்னல் போய்விடும். பிஸ்கட் பெட்டி 40 இருப்பதாகச் செயலி காட்டுகிறது. முன்வாசலில் நிற்பவர் 5 பெட்டியை ஏற்றிவிட்டு மீதி 35 என்று பதிகிறார். பின்வாசலில் நிற்பவர் 3 பெட்டியை ஏற்றிவிட்டு மீதி 37 என்று பதிகிறார். மாலையில் இரண்டு கைபேசிகளும் இணையத்தைத் தொடும்போது சர்வரில் என்ன எண் நிற்கும்? 32 என்று நிற்க வேண்டும். வழிகளை இந்தக் கணக்கை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

முதலில் கூகுளின் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் இணையமில்லாச் சேமிப்பு தானாகவே இயங்குகிறது. தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒரே ஆள் தன் தரவை மட்டும் திருத்தும் செயலி என்றால் நான் யோசிக்காமல் இதையே எடுப்பேன். நம் கிடங்கில் கதை வேறு. ஒரே புலத்தில் இருவர் எழுதினால் கடைசியாகச் சர்வரை எட்டியதே நிலைக்கும். முன்வாசல்காரரின் கைபேசி பிந்தி வந்தால் 35, பின்வாசல்காரருடையது பிந்தினால் 37. எந்த எச்சரிக்கையும் வராது. டிரான்சாக்‌ஷன் போட்டுத் தடுக்கலாமே என்றால், இணையம் இல்லாதபோது அது தோற்றுவிடும். மீதியை எழுதாமல் `FieldValue.increment(-5)` என்று மாற்றத்தை மட்டும் அனுப்பினால் 32 சரியாக வரும். இன்னொரு பொறி: எழுதும் கட்டளைக்கு `await` போட்டால், சர்வர் ஒப்புக்கொள்ளும்வரை அது திரும்பாது. தரவு உள்ளூரில் பத்திரமாக இருக்கும், திரையில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பயனர் பொறுமை இழந்து மறுபடி அழுத்துவார்.

அடுத்தது கௌச்டிபி தரவுத்தளத்தின் வழி. இது எதையும் சத்தமில்லாமல் விழுங்குவதில்லை. ஒரே ஆவணத்துக்கு இரண்டு திருத்தங்கள் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ஒன்றை வென்றதாகக் காட்டுகிறது. `conflicts=true` என்று கேட்டால் தோற்ற திருத்தத்தின் எண் கிடைக்கும்; அதை வைத்துத் தோற்றதையும் எடுக்கலாம். ஆனால் வென்றதே சரி என்று பொருள் இல்லை; எல்லாக் கணினிகளும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பதற்கான விதி அது, அவ்வளவுதான். நோயாளிக் குறிப்பு, கள ஆய்வுப் படிவம் போன்றவற்றில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மனிதர் தீர்க்கலாம். 35, 37 என்ற இரண்டு எண்களைக் கையில் கொடுத்தால் கிடங்கு மேலாளர் என்ன செய்வார்? தொடக்கத்தில் 40 இருந்தது என்பதும் தெரிந்தால்தான் அவருக்கு 32 கிடைக்கும்.

நான் சரக்குக் கணக்குக்குத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழி: கைபேசியின் எஸ்க்யூலைட்டில் ஓர் அனுப்புப் பெட்டி. மீதி எவ்வளவு என்பதை அனுப்பாமல், என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதி வைப்பது.

```sql
CREATE TABLE outbox (
  op_id   TEXT PRIMARY KEY,
  item_id TEXT NOT NULL,
  delta   INTEGER NOT NULL
);
```

கைபேசியின் இருப்பு எண்ணைக் குறைப்பதும் இந்த வரியைச் சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்க வேண்டும். இணையம் வந்ததும் ஆண்ட்ராய்டில் ஒர்க்மேனேஜர் வரிகளை அனுப்பும். சர்வர் ஒப்புக்கொண்ட பிறகே வரியை அழிக்க வேண்டும். -5, -3 எந்த வரிசையில் வந்தாலும் 32தான்.

இங்கே நான் ஒருமுறை சறுக்கினேன். சர்வர் -5ஐக் கழித்துவிட்டது; பதில் கைபேசிக்கு வருவதற்குள் இணைப்பு அறுந்தது. கைபேசி போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்ப, இருப்பு இன்னும் 5 குறைந்தது. வித்தியாசம் எப்போதும் ஏதோ ஒரு விற்பனையின் அதே எண்ணாக இருந்ததுதான் துப்பு. `op_id` அதற்காகத்தான். பட்டனை அழுத்தும் கணத்தில் கைபேசியிலேயே ஒரு யூயூஐடி உருவாக வேண்டும். அனுப்பும் நேரத்தில் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் வரும், பயனில்லை. சர்வரில்:

```sql
INSERT INTO ops (op_id, item_id, delta)
VALUES ($1, $2, $3)
ON CONFLICT (op_id) DO NOTHING;
```

வரி புதிதாகச் சேர்ந்தால் மட்டும், அதே டிரான்சாக்‌ஷனில் இருப்பைக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் எதையும் தொடாமல் "வந்துவிட்டது" என்று பதில் தர வேண்டும். பிழை என்று சொன்னால் கைபேசி ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த வழிக்கு வேலை அதிகம். பிறர் செய்த மாற்றங்களைக் கைபேசிக்கு இறக்கும் பகுதியையும் நாமே எழுத வேண்டும். இதனாலும் தீராத ஒன்று உண்டு. இருப்பு 4, இருவரும் இணையமின்றி ஆளுக்கு 3 ஏற்றியதாகப் பதிந்தால் சர்வரில் -2 வரும். எண்ணிக்கை முதலிலேயே தவறாக இருந்திருக்கலாம், ஒருவர் தவறாகத் தட்டியிருக்கலாம். சர்வர் இரண்டாவதை மறுத்தால், வண்டியில் போய்விட்ட பெட்டி கணக்கில் மட்டும் திரும்பி வரும். அதனால் நான் -2ஐ அப்படியே ஏற்று, அந்த வரியைச் சிவப்பில் காட்டி, மறுநாள் காலை கிடங்கில் கையால் எண்ணச் சொல்கிறேன்.