ஐஸ் கட்டி சிறுத்து, உள்ளே வெறுங்கூடாக விழுகிறதா? ஐஸ் மேக்கரை மாற்றச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

ஒரு வீட்டில் நடந்தது இது. ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டிகள் பாதி அளவுக்குச் சுருங்கின. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெறுங்கூடு. மெக்கானிக் வந்தார், ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார், "ஐஸ் மேக்கர் போயிடுச்சு, செட்டோட மாத்தணும்" என்றார். மாற்றினார். மறுநாள் கட்டிகள் ஓரளவு விழுந்தன, பணமும் கைமாறியது. மூன்றாவது வாரம் ஒன்றுகூட விழவில்லை. திரும்பக் கூப்பிட்டால், "இப்போ போர்டுல பிரச்சினை" என்று அடுத்த பில்லுக்கு அடிபோட்டார். இரண்டு தடவையும் அவர் செய்யாமல் விட்ட வேலை ஒன்றுதான்: அச்சுத் தட்டில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று அளந்து பார்ப்பது.

கட்டி உறைவது வெளியிலிருந்து உள்நோக்கி. தட்டை ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட், கட்டியின் நடுவைப் பார்ப்பதில்லை. தட்டின் உலோகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் உலோகம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். "உறைந்துவிட்டது" என்று நினைத்து மெஷின் கட்டியைத் தள்ளிவிடும். நடுவில் இன்னும் தண்ணீராக இருப்பது வழிந்து, கீழே கூடையில் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கூடையில் ஐஸ் பாறைபோல் இறுகிக் கிடந்தால், அதுவும் இதே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தண்ணீர் ஏன் குறைகிறது? பின்பக்கம் கீழே இருக்கும், குழாய்த் தண்ணீரை ஐஸ் மேக்கருக்குத் திறந்துவிடும் இன்லெட் வால்வைப் பாருங்கள். பரவலாக உள்ள மாடல்களில் அது ஏழு, ஏழரை வினாடிதான் திறக்கும். அந்த நேரத்துக்குள் சுமார் 100 முதல் 140 மில்லி போய்ச் சேர வேண்டும். வால்வுக்குள் இருக்கும் சிறு வலையில் மணல், துரு அடைத்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, குழாயில் அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனாலோ அவ்வளவு தண்ணீர் வராது. ஆர்.ஓ. டேங்கிலிருந்து லைன் எடுத்திருந்தால், டேங்க் காலியாகும் நேரத்தில் மட்டும் கட்டி சிறுக்கும்.

இதைவிட மோசமான பின்விளைவு ஒன்று உண்டு. வால்வு இறுக மூடுவதற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் துணை. அழுத்தம் போதாவிட்டால் முழுதாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு, ஃப்ரீசருக்குள் நுழையும் ஃபில் டியூபின் வாயில் உறைந்து அடைத்துவிடும். அதன்பிறகு ஒரு கட்டியும் வராது. மேலே சொன்ன வீட்டில் ஐஸ் மேக்கரை மாற்றியபோது பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். டியூபில் உறைய ஆரம்பித்திருந்தது கரைந்தது. மறுநாள் கட்டி கொஞ்சம் தேறியதற்குக் காரணம் அதுதான், புது ஐஸ் மேக்கர் அல்ல.

அதே வீட்டுக்கு இரண்டாவதாக வந்த வேறொரு மெக்கானிக், டியூப் வாயில் அடைத்திருந்த பனியை வெந்நீர் விட்டுக் கரைத்துவிட்டு, தட்டில் விழும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்தார். 55 மில்லிதான். ஃபில்டரைக் கழற்றி, பைபாஸ் பிளக் போட்டுப் பிடித்தார், 60 மில்லி. ஆக, ஃபில்டர் காரணமில்லை. சப்ளை குழாயை வால்விலிருந்து கழற்றி வாளியில் திறந்தார், தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. மிச்சம் வால்வு. உள்வாயின் வலையில் பழுப்புப் படலம். வால்வை மாற்றியதும் 125 மில்லி. அடுத்த நாள் கட்டிகள் முழுசாக விழுந்தன. வலையை மட்டும் சுரண்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். சுரண்டும்போது துகள் உள்ளே போய், வால்வு மூடாமல் வழியும்.

மல்டிமீட்டரில் வால்வைத் திறக்கும் மின் காயிலைப் பார்த்து "வால்வு நல்லா இருக்கு" என்பார்கள். அது காயில் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று சொல்லாது.

இன்னொரு குறுக்குவழி, சில ஐஸ் மேக்கர்களின் முன்பக்கம் இருக்கும் தண்ணீர் அளவு திருகாணி. அரைச் சுற்றுக்கு ஏறக்குறைய 20 மில்லி மாறும். அடைத்த வால்வை அப்படியே விட்டு, இதைத் திருகி அளவைக் கூட்டிவிட்டுப் போவார்கள். பிறகு யாராவது வால்வை மாற்றினால் தட்டு நிரம்பி வழியும். திருகாணியின் இப்போதைய நிலையை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முழு அளவில் இருந்தும் உள்ளே கூடாக இருந்தால் கதை வேறு. அங்கே தண்ணீர் சரி. தெர்மோஸ்டாட்டோ, தட்டோடு அது சேரும் இடமோ, நேராக அடிக்கும் ஃபேன் காற்றோ காரணம். அப்போது ஐஸ் மேக்கரை மாற்றுவது நியாயமாக இருக்கலாம். அதற்கு முன் ஃப்ரீசரில் தெர்மாமீட்டர் வையுங்கள். −18 டிகிரி இருக்க வேண்டும். −12க்கு மேலே நின்றால் கட்டி உறையவே தாமதமாகும், அது குளிரூட்டும் பக்கத்துக் கோளாறு.

மெக்கானிக் வந்ததும் கேட்க வேண்டியது: "எத்தனை மில்லி விழுது, பிடிச்சுக் காட்டுங்க." காட்ட மறுத்தால் எந்தப் பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். உறைந்த டியூபைக் கத்தியால் குத்த வந்தாலும் தடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் கிழிந்தால் அதற்கும் தனி பில்.