பழைய எம்டி5 ஹாஷ்கள்: உள்நுழையும்போது மாற்றுவதா, முதலிலேயே மூடிவைப்பதா?

நான் பராமரிக்கும் பழைய பிஎச்பி செயலியில் கடவுச்சொற்கள், சால்ட் சேர்த்த எம்டி5 ஹாஷ்களாக இருந்தன. அவற்றைப் பிகிரிப்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எல்லோரையும் புதிய கடவுச்சொல் வைக்கச் சொல்லும் வழியை உடனே ஒதுக்கிவிட்டேன். மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டவர்கள் கணக்கையே இழந்துவிடுவார்கள்.

அடுத்த வழி, பயனர் உள்நுழையும்போது மாற்றுவது. பழைய முறையில் சரிபார்த்து, பொருந்தினால் அதே கணத்தில் பிகிரிப்டில் கணக்கிட்டுச் சேமிக்கலாம். இதற்குச் சில வரி நிரல் போதும். ஹாஷ் இருக்கும் நெடுவரிசையை மட்டும் முன்பே அகலப்படுத்த வேண்டும்: எம்டி5-க்கு 32 எழுத்துகள், பிகிரிப்டுக்கு 60. கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் மிகுதியை வெட்டிவிட்டுச் சேமிக்கும். அந்தப் பயனரால் மறுமுறை நுழைய முடியாது.

இந்த வழியை நான் தனியாக ஏற்காததற்குக் காரணம், திரும்பி வராத பயனர்கள். அவர்களுடைய எம்டி5 ஹாஷ் அட்டவணையில் அப்படியே கிடக்கும். தரவுத்தளம் திருடுபோனால் முதலில் உடைவது அதுதான். அதே கடவுச்சொல்லை அவர்கள் வேறு தளத்தில் இன்றும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

அதனால் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன்: இருக்கும் எம்டி5 ஹாஷையே பிகிரிப்டுக்கு உள்ளீடாகக் கொடுத்து எல்லா வரிசைகளையும் முதலில் மூடிவிட்டு, உள்நுழைபவர்களுக்கு உள்ளே இருக்கும் எம்டி5 அடுக்கை நீக்குவது. ஒரு ஹாஷுக்குக் கால் நொடி என்றால், ஒரு லட்சம் கணக்குகளுக்கு ஒற்றைச் செயலிக் கருவில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது கடவுச்சொல்லை மாற்றியிருக்கக்கூடும். ஆகவே பழைய ஹாஷ் இன்னும் அதேதானா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். எல்லா வரிசைகளையும் மூடியபின் உள்நுழைவைச் சரிபார்க்கும் நிரல் இது; ஒரு வரிசை எந்த முறையில் இருக்கிறது என்பதை `algo` நெடுவரிசை சொல்கிறது:

```php
$in = $row['algo'] === 'md5_bcrypt'
    ? md5($row['salt'] . $pw) : $pw;
$ok = password_verify($in, $row['hash']);
```

`$ok` உண்மையானால், மூடிய வரிசைக்கு `$pw`-வை நேரடியாக ஹாஷ் செய்து, `algo`-வை `bcrypt` என மாற்றுகிறேன்.

இந்த `algo` நெடுவரிசைதான் முக்கியம். அது இல்லாமல் இரண்டு விதமாகவும் முயன்று பார்க்கும் நிரலை எழுதினால், முன்பே கசிந்த எம்டி5 ஹாஷை வைத்திருப்பவர் அதையே கடவுச்சொல் பெட்டியில் இட்டு நுழைந்துவிடுவார். இன்னொன்று, `md5()`-இன் பதினாறடிமான எழுத்து வடிவத்தையே கொடுக்க வேண்டும். அதன் பைட் வடிவத்தில் சுழிய பைட் வரலாம். பிகிரிப்ட் அந்த இடத்தோடு நின்றுவிடக்கூடும்.

மூடிவைப்பதிலும் ஒரு குறை உண்டு. சால்ட் இல்லாத எம்டி5 என்றால், வேறு கசிவில் கிடைத்த ஹாஷ்களை அப்படியே போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதனால்தான் உள்நுழையும்போது உள்ளடுக்கை நீக்குவதை நான் விடவில்லை. ஆர்கான்2-ஐ நான் பெரிய அளவில் இயக்கியதில்லை; இங்கே சொன்னவை பிகிரிப்ட் அனுபவம் மட்டுமே.

பழைய காப்புப் பிரதிகளில் எம்டி5 ஹாஷ்கள் அப்படியே இருக்கும். மாற்றம் சரியாக நடந்ததை உறுதிசெய்தபின் அவற்றையும் அழித்துவிடுங்கள்.